ஒன்பதாயிரம் வாடகை, இருபது லட்சம் கிரயம்

ஆடி மாதம் குறுக்கே வந்து விழுந்திருக்காவிட்டால் மகாராஜா அந்த வருடம், 2013இல், ஆனி கடைசியிலேயே கடைக் கிரயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பான். ஆடியில் யாரும் கிரயம் பண்ண மாட்டார்கள். கடையின் சொந்தக்காரர் கோதண்டமும் பண்ண மாட்டார். அதனால் இருபது ரூபாய் பத்திரத்தில் ஐம்பதாயிரம் டோக்கன் கொடுத்ததாக எழுதி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் மீதியைத் தந்து கிரயம் முடித்துக்கொள்வதாகவும், தவறினால் டோக்கன் திரும்பாது என்றும் இரண்டு வரி சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெண்டாட்டியிடம் மகாராஜா அதைச் சொன்னது மறுநாள்தான்.

இசக்கிசெல்வி அன்றைக்குச் சண்டை போடவில்லை. சண்டை போட அவளுக்கு நேரமில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில், கோதண்டம் கட்டிய நாலு கடை வரிசையில் இரண்டாவது அவர்களுடையது. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பயோடேட்டா, ரீசார்ஜ். மாடியில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற காண்டிராக்டர் ஆபீஸ். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பஸ் ஏறி வருகிற பையன்கள் மாடிக்குப் போகுமுன் கீழே அவளிடம்தான் நிற்பார்கள். தகப்பன் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், 'மேற்கூறியவை யாவும் உண்மை' என்று அவளே தட்டிக் கொடுத்து, ஆறு போட்டோ எடுத்து, சர்டிபிகேட்டை ஐந்து நகல் போட்டு அனுப்புவாள். மகாராஜாவுக்கு உதிரிபாகக் கம்பெனியில் பர்மனென்ட் வேலை, கையில் பதினாறாயிரம். கடை அவள் பாடு.

அந்தக் கடையைத்தான் கோதண்டம் விற்கிறார். மகள் கல்யாணம். வாங்கினால் இருபது லட்சம். வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்குவார்கள், வாங்குகிறவன் இவர்களை வைத்திருப்பானா என்பது அவன் இஷ்டம்.

ஆவணி பிறக்க ஒன்பது நாள் இருந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் ஸ்ரீபெரும்புதூரில் பேங்குக்குப் போனார்கள். மகாராஜா போட்ட கணக்கு ரொம்ப எளிது. கிரயத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேங்க் தரும் என்று புரோக்கர் எல்லப்பன் சொல்லியிருந்தான். இருபது லட்சத்துக்குப் பதிமூன்று லட்சம். பத்து வருடத் தவணை, மாதம் இருபதாயிரம். கல்லாவில் நாளொன்றுக்கு ஐயாயிரம் விழுகிறது. அப்புறம் என்ன?

கடன் பிரிவில் இருந்த ரகுபதி சின்ன வயசுக்காரர். டோக்கன் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதுல மொத்தக் கிரயம்னு பதினோரு லட்சம்தானே சார் போட்டிருக்கு?"

"அது கவர்மென்ட் போட்ட கைடுலைன் மதிப்பு சார். பத்திரத்துல அதத்தான் காட்டுவாராம். பேசுனது இருபது. மீதி ஒம்போதும் கையில குடுக்கணும்."

ரகுபதி பேனாவைக் கீழே வைத்தார். "கையில குடுக்கறத நான் காதுல வாங்கிக்கவே இல்ல. பத்திரத்துல என்ன இருக்கோ, எங்க என்ஜினியர் என்ன மதிப்புப் போடறாரோ, ரெண்டுல எது கம்மியோ அதுல அறுபத்தஞ்சு பர்சென்ட். பதினோரு லட்சம்னா ஏழு லட்சத்துப் பதினஞ்சாயிரம். பதிமூணரை வட்டி. பத்து வருஷத்துக்கு மாசம் பத்தாயிரத்து எண்ணூத்தி எம்பத்தேழு."

"தவணை கம்மியாயிடுச்சே!" என்றான் மகாராஜா. நிஜமாகவே சந்தோஷம் அவன் குரலில் இருந்தது.

ரகுபதி இசக்கிசெல்வியைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. கடன் குறைந்திருக்கிறது, கடையின் விலை குறையவில்லை.

"ஒரு வேள முழு இருபதும் பத்திரத்துல போட்டா?" என்று கேட்டாள்.

"அப்போ என்ஜினியர் அந்த மதிப்ப ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா பதிமூணு வரைக்கும் பாக்கலாம். ஆனா விக்கிறவர் சம்மதிக்கணுமேம்மா. அவருக்கு வருமான வரி வரும்."

திரும்பும்போது பஸ்ஸில் மகாராஜா பேசிக்கொண்டே வந்தான். மீதிக்கு ஏற்பாடு இருக்கிறதாம். எல்லப்பனுக்குத் தெரிந்த ஆள் இரண்டு பைசா வட்டிக்குத் தருவானாம், கடைப் பத்திரம் பேங்கில் இருந்தாலும் பரவாயில்லையாம், புரோநோட்டு போதுமாம். இசக்கிசெல்வி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள். புரோநோட்டு மட்டும் போதும் என்கிறவன் எதை நம்பித் தருகிறான் என்று யோசித்தாள். மகாராஜாவின் சம்பளத்தையும் அவள் கழுத்தையும் நம்பித்தான்.

மறுநாள் காலை ஐயனார் வந்தான். ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸ் பார்க்கிறவன். நகலுக்கு இத்தனை காசு என்று அவனுக்கு மாதாமாதம் போகும். அதனால் மெஷினுக்குள் ஓடுகிற மீட்டரைப் பார்த்து, பக்கவாட்டில் தொங்குகிற அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவான்.

"இன்னாக்கா, மெஷினுக்கு லீவு வுட்டுட்டியா?" என்றான் எழுதிக்கொண்டே. "என் பொழப்புல மண்ணைப் போடுறியே."

"ஏன், என்ன ஓடிருக்கு?"

"இருபத்து மூணாயிரத்து எண்ணூறு. போன வருசம் இந்த மெஷின் நாப்பதுக்குக் கொறையாது. நான் வாரத்துக்கு ஒரு வாட்டி வந்துகினு இருந்தேன்."

அவன் போனபின் அட்டையைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பதினோரு மாத எண்கள் ஐயனாரின் கோணல் எழுத்தில் இருந்தன. போன செப்டம்பர் நாற்பத்தோராயிரத்து இருநூறு. தை வரை பரவாயில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் இரண்டாயிரம் மூவாயிரமாக இறக்கம், ஒரு மாதம் கூட ஏறவில்லை.

அவளே தினமும் கல்லாவை எண்ணுகிறவள். போன வருடம் நாளைக்கு நாலாயிரம் இருந்தது. இப்போது நாலாயிரத்துத் தொள்ளாயிரம். நகல் பாதியாக இறங்கியிருக்கும்போது கல்லா எப்படி ஏறும்? போட்டோ எடுக்க வந்த பையனை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு நின்றபடியே யோசித்தாள். அப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒருத்தன் நூறு ரூபாயை நீட்டி ரீசார்ஜ் கேட்டான். வாங்கிக் கல்லாவில் போட்டாள். போட்ட கை அங்கேயே நின்றது.

அந்த நூறில் அவளுக்கு இரண்டரை ரூபாய். மீதி தொண்ணூற்றேழரை ரீசார்ஜ் ஏஜென்டுக்குப் போகிற காசு. நகலுக்கும் போட்டோவுக்கும் ரீசார்ஜுக்கும் ஒரே கல்லா. ஊரார் காசு ஒரு ராத்திரி அதில் படுத்திருந்துவிட்டுப் போகிறது, அதைப் பார்த்து வியாபாரம் வளர்கிறது என்று மகாராஜா பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறான்.

"அக்கா, சிரிக்கணுமா, சிரிக்கக் கூடாதா?" என்றான் ஸ்டூலில் இருந்தவன்.

"கம்பெனி போட்டோவுக்குச் சிரிக்கப்பிடாது. சும்மா இரு."

அன்று மதியம் மகாராஜாவுக்கு இரண்டாம் ஷிப்ட் இல்லை. கம்பெனியே அந்த வாரம் இரண்டு நாள் மூடியிருந்தது. வண்டி விற்கவில்லை, அதனால் உதிரி பாகமும் வேண்டாம். சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்தவன் முன்னால் பயோடேட்டா அடிக்கிற தாளின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்தாள்.

"இங்க பாருங்க. கிரயம் இருவது. பத்திரச் செலவு பதினோரு லட்சத்துக்கு நூத்துக்கு எட்டு, எம்பத்தெட்டாயிரம். பேங்குக்காரன் பீஸு, வக்கீலு, எழுத்துக்கூலி இருவத்தேழாயிரம். மொத்தம் இருவத்தொண்ணு பதினஞ்சு."

"சரி."

"நம்மகிட்ட என்ன இருக்கு? டோக்கனையும் சேத்து நாலு லட்சம். இந்தக் கடைக்குக் குடுத்த அட்வான்ஸ் தொண்ணூறாயிரம் கழியும். எம் நகை இருவது பவுனு. தங்கம் எறங்கிக் கெடக்கு, அடகு வச்சா கிராமுக்கு ஆயிரத்து எழுநூறுக்கு மேல தர மாட்டான். ரெண்டு எழுவத்திரண்டு. பேங்கு ஏழு பதினஞ்சு. எல்லாம் சேத்து பதினாலு எழுவத்தேழு. இடிக்கிறது ஆறு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்."

"அதத்தான் எல்லப்பன் ஆளுகிட்ட வாங்கப் போறமே."

"ரெண்டு பைசா வட்டின்னா மாசம் பன்னெண்டாயிரத்து எழுநூத்தி அறுவது. வட்டி மட்டுந்தான். அசல் அப்பிடியே நிக்கும். நகைக்கு ரெண்டாயிரத்து எழுநூத்தி இருவது. அதுவும் வட்டிதான். பேங்கு பத்தாயிரத்து எண்ணூத்தி எம்பத்தேழு. கூட்டுங்க."

அவன் கூட்டவில்லை. அவள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தான். 26,367.

"இப்ப நாம கட்டுதது ஒம்பதாயிரம்" என்றாள்.

மகாராஜா சாப்பாட்டுத் தூக்கை மூடினான். "ஏட்டி, நீ ஒரு பக்கத்து கணக்கையே போடுத. ஒம்பதாயிரம் ஒம்பதாயிரமாவா இருக்கப் போவுது? வருசத்துக்கு அஞ்சு பர்சென்ட் ஏத்துதான். பத்து வருசத்துக்கு நானும் கூட்டிப் பாத்துட்டேன், பதிமூணரை லட்சம். பத்து வருசம் கழிச்சு அந்தப் பதிமூணரைக்கு என்ன இருக்கும் கையில? ஒண்ணும் கெடையாது. இந்த ரோட்டுல இது மாதிரிக் கடை மூணு வருசத்துக்கு முன்னால எட்டு லட்சத்துக்குப் போச்சு. இன்னைக்கு இருவது. அத ஏன் எழுதல?"

அவன் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் அவளை இத்தனை நாள் வாய் திறக்க விடாமல் வைத்திருந்தது. ஒரகடத்தில் நிலம் வாங்கினவன் எவனும் அதுவரை அழுததில்லை.

"எட்டு இருவதாச்சு. இருவது அம்பதாவும்னு யாரு எழுதிக் குடுத்தா? ஆனாலும் ஆவட்டும். அது வரைக்கும் மாசம் இருவத்தாறாயிரத்த யாரு கட்டுவா?"

"கடை கட்டும். கல்லா ஐயாயிரம் தொட்டுட்டு."

அட்டையை எடுத்து அவன் முன்னால் போட்டாள். ரீசார்ஜ் கணக்கையும் சொன்னாள். போன வருடம் மாதம் அறுபதாயிரத்துக்கு ரீசார்ஜ், இப்போது ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு. அத்தனைக்கும் கமிஷன் இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. நகலுக்குத் தாளும் சர்வீஸும் போக அரை ரூபாய் நிற்கும், அது பதினோராயிரத்துத் தொள்ளாயிரம். போட்டோவும் டைப்பும் ஒன்பதாயிரம். கரன்ட் மூவாயிரத்தைக் கழித்தால் வாடகைக்கு முன்னால் கையில் நிற்பது இருபதாயிரத்து அறுநூற்றைம்பது. போன செப்டம்பரில் அது முப்பத்து மூவாயிரம்.

"கடை இருவதாயிரத்துச் சொச்சம் குடுக்கும். கட்ட வேண்டியது இருவத்தாறாயிரத்துச் சொச்சம். அஞ்சாயிரத்து எழுநூறு ஒங்க சம்பளத்துல இருந்து போவும். வூட்டுச் செலவுக்கே பதினாலாயிரம் ஆவுது. ஓ.டி.யும் இல்ல இப்ப."

"ஏ, 'வூடு'ன்னு பேச ஆரம்பிச்சிட்ட. நம்ம தெக்கத்திப் பேச்சு போயி ஒரகடத்துக்காரியாவே ஆயிட்ட."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கிறதற்காகச் சொல்லவில்லை.

"ஆள் எடுக்கிறது திரும்பவும் ஏறும் செல்வி. எப்பவும் இப்பிடியேவா கெடக்கும்?"

"ஏறலாம். மாடில இருக்கவன் அதுக்குள்ள ஆபீஸ மாத்திட்டுப் போனான்னா? அவன் எங்க போறானோ அங்கன நாம மெஷினத் தூக்கிட்டுப் போவணும். வாடகைக் கடைன்னா தூக்கிட்டுப் போலாம். சொந்தக் கடையத் தூக்க முடியாது. அன்னைக்கு இத வாடகைக்குத்தான் விடணும். இருவது லட்சத்துக்கு ஒம்பதாயிரம். ரூபாய்க்கு என்ன வட்டின்னு பாருங்க. அரைப் பைசா கூட வரல. ரெண்டு பைசாவுக்கு வாங்கி அரைப் பைசாவுல போடுதோம்."

மகாராஜா எழுந்துவிட்டான். "அம்பதாயிரம் குடுத்துட்டேன். அது போவும். கடையும் போவும். வாங்குதவன் நம்மள வெளியே போன்னுவான். அப்ப என்ன கணக்குப் போடுவ?" சாப்பாட்டுத் தூக்கை எடுக்காமலே போனான். ஆனால் தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனதை அவள் பார்த்தாள்.

நான்கு நாள் இரண்டு பேரும் பேச வேண்டியதை மட்டும் பேசினார்கள். ஐந்தாம் நாள் காலை எல்லப்பனிடமிருந்து போன். ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரம் எழுதத் தயார், கோதண்டம் வீட்டுக்கு வரச் சொல்கிறார், வட்டிக்காரரும் பணத்தை எடுத்து வைத்துவிட்டார். மகாராஜா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். இசக்கிசெல்வி கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டுக் கூடவே போனாள். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

கோதண்டம் வீடு புதிது. நெல்லு விளைந்த நிலத்தை விற்றுக் கட்டியது. கூடத்தில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் பரப்பிக் கிடந்தன. பொண்ணு சத்யப்பிரியா காபி வைத்துவிட்டு உள்ளே போனாள். எல்லப்பன் ஏற்கெனவே சோபாவில் இருந்தான், மடியில் பிளாஸ்டிக் பை.

"வாம்மா, வா. இன்னா, ரெண்டு பேரும் ஜோடியா வந்துகிறீங்க. நல்ல நாளு தான்" என்றார் கோதண்டம்.

இசக்கிசெல்வி சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, பத்திரத்துல முழு இருவதையும் போட்டுருவமா? பேங்குல பதிமூணு கெடைக்கும். வெளி வட்டிக்குப் போவ வேண்டாம்."

"அட இன்னாம்மா நீ. நெலத்த வித்த காசுக்கே ஆடிட்டரு என்னைப் போட்டு வறுத்துகினு கீறான். இருபதைக் காட்டுனா வரி நீயா கட்டுவே? பதினோரு லட்சம் தான் பத்திரம். இஷ்டம் இருந்தா பாரு, இல்லேன்னா வுடு. மண்ணூர்ல இருந்து ஒரு மெடிக்கல்காரன் ரெடி காசு வெச்சிகினு நிக்கிறான்."

"அவன் நெசமாவே கீறான்" என்றான் எல்லப்பன். அவன் சொன்னதால் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் கோதண்டத்தின் முகத்தில் அவசரம் இல்லை. அவசரமில்லாதவனிடம் பேரம் பேச முடியாது.

மகாராஜா காபியை முழுக்கக் குடித்தான். டம்ளரை வைத்தான். சட்டைப் பைக்குள் கையை விட்டான். பேனாவை எடுக்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். எட்டிப் பிடிக்கலாமா, பிடித்தால் இத்தனை பேர் முன்னால் அவன் முகம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருக்கையில், அவன் கையில் வந்தது அந்த மடித்த தாள். அதைப் பிரிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, கிரயம் முடிச்ச மறுநாளே நான் இந்தக் கடைய வேற ஆளுக்கு வாடகைக்கு வுட்டா எவ்வளவுக்குப் போவும்?"

கோதண்டத்துக்குக் கேள்வி பிடித்திருந்தது. தன் கடையைப் பற்றிப் பேச யாருக்குத்தான் பிடிக்காது. "கண்ண மூடிகினு ஒம்போது. நீ கறாரா நின்னா பத்து கூட வாங்குவே."

"பதினஞ்சு?"

"பதினஞ்சா? எவன் குடுப்பான்? இது இன்னா மவுண்ட் ரோடா?"

எல்லப்பன் சிரித்தான். மகாராஜாவும் கொஞ்சம் சிரித்தான். பிறகு தாளைத் திரும்பப் பையில் வைத்தான்.

"நமக்கு வேண்டாம்ணே. மெடிக்கல்காரருக்கே குடுத்துருங்க."

எல்லப்பனின் மடியிலிருந்து பிளாஸ்டிக் பை நழுவியது. "இன்னா தலைவரே, வெளாட்றியா? அங்க ஆளு பணத்த எண்ணி வெச்சிகினு ஒக்காந்துகிறான். அவன் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

"எப்பவும் முழிக்கிற மாதிரியே முழியும்" என்றான் மகாராஜா.

கோதண்டம் கோபப்படவில்லை. டோக்கன் பத்திரத்தை எடுத்து, கடைசி இரண்டு வரியில் விரலை வைத்து, மகாராஜா பக்கம் திருப்பிக் காட்டினார். மகாராஜா தலையாட்டினான். ஐம்பதாயிரம் அப்படிப் போயிற்று. யாரும் சத்தம் போடவில்லை.

"கடையையும் காலி பண்ணணும்" என்றார் கோதண்டம். "மெடிக்கல்காரன் காலிக் கடையாத்தான் கேட்டுகினு கீறான். ஆவணி முடியறதுக்குள்ள."

"ரெண்டு மாசம் வேணும்" என்றாள் இசக்கிசெல்வி. "வாடகை ஒப்பந்தத்துல ரெண்டு மாச நோட்டீஸ்னு இருக்கு. நீங்க போட்ட கையெழுத்துதான். அட்வான்ஸ் தொண்ணூறாயிரத்தயும் சாவி குடுக்குத அன்னைக்கே தரணும்."

"பெயின்ட்டு அடிக்கணுமே, அதக் கழிச்சிகினு…"

"பெயின்ட் அடிக்கிறதும் நாங்கதான்னு அதுல எழுதல. ஏற்கெனவே அம்பது வச்சிருக்கிய. எம் மெஷினு உள்ள இருக்கு, சாவியும் எங்கிட்டதான் இருக்கு. தொண்ணூறு கைக்கு வந்ததும் சாவி வரும்."

கோதண்டம் டோக்கன் பத்திரத்தை மடித்து வைத்தார். பிறகு மகாராஜாவைப் பார்த்து, "ஒம் பொண்டாட்டிய முன்னாலயே இட்டாந்திருக்கலாம்ப்பா, டோக்கன் போட்ட அன்னிக்கு" என்றார்.

மகாராஜா சட்டைப் பையில் இருந்த தாளைத் தடவிக்கொண்டான். அவன் காது சிவந்திருந்தது.

தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் அவள் எழுந்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. பாதி சீட் காலி. மகாராஜா வேகமாக நடந்தான், அவள் பின்னால் வந்தாள். ரோட்டைக் கடக்கிற இடத்தில் லாரிக்காக நிற்க வேண்டியிருந்தபோதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"அம்பதாயிரம். எனக்கு ஒரு வருசத்து ஓ.டி."

"ஓ.டி.தான் இல்லையே இப்ப" என்றாள். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அவன் அவளை முறைத்தான். மெடிக்கல்காரன் அந்தக் கடையில் நன்றாக இருப்பான். ஒருவேளை ஐந்து வருடத்தில் அது நாற்பது லட்சம் ஆகும், எல்லப்பன் அதை டீக்கடையில் நின்று சத்தமாகச் சொல்வான், மகாராஜா அதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கும். அந்தக் கணக்கை அவள் தாளில் எழுதவில்லை. எழுத முடியாது என்பதால் அது இல்லாமல் போய்விடாது. அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

லாரி போயிற்று. அவன் கடக்கவில்லை.

"மாடிக்காரன் ஆபீஸு எதுத்தாப்புல, அந்தப் பஞ்சர் கடைக்குப் பக்கத்துல ஒரு ஷட்டர் மூடியே கெடக்குல்லா?" என்றான். "அதுக்கு எவ்வளவு கேக்கான்?"

"ஆறரை. அட்வான்ஸ் அறுவதுன்னான். நேத்தே கேட்டேன்."

"நேத்தேவா?"

"அஞ்சரைக்கு எறக்கலாம். தண்ணி ஒழுகுது உள்ள, மெஷினுக்கு ஆவாது. அதச் சொல்லித்தான் பேசணும்."

"இந்தத் தடவ நீயே பேசு" என்றான் மகாராஜா. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கினான்.